ஆய்வகச் சாக்கெட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 6 வோல்ட்: எங்கே தேடுவது, எதைச் செய்யக்கூடாது

உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையே கடற்கரையை ஒட்டி இருக்கும் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில், 24 கணினிகள் கொண்ட ஆய்வகம் என் பொறுப்பில் இருக்கிறது. புதிய சர்வர் ஒன்றை நிறுவ வந்த பொறியாளர், மீட்டரின் ஒரு முனையைச் சாக்கெட்டின் நியூட்ரல் துளையிலும் மறுமுனையை எர்த் துளையிலும் வைத்துப் பார்த்து, "6.5 வோல்ட் காட்டுகிறது, 3 வோல்ட்டுக்குக் கீழே கொண்டுவந்தால்தான் உத்தரவாதச் சான்றில் கையெழுத்திட முடியும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்கு முன்பே பல வாரங்களாக, ஆய்வகத்தின் பிரிண்டர் பாதிப் பக்கத்தில் நின்றுபோய்க்கொண்டிருந்தது. இந்த 6.5 வோல்ட்டும் பிரிண்டர் கோளாறும் ஒரே இடத்திலிருந்து கிளம்பியவை என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு 2 மாதமும், வீணாகச் செலவழித்த 15,000 ரூபாய்க்கு மேலும் ஆயிற்று. உங்களுக்கு 4 நாட்களில் முடிய வேண்டும் என்பதற்காகவே, எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று எழுதுகிறேன்.

## 1. அளக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கேட்-3 என்று அச்சிடப்பட்ட, உண்மை ஆர்.எம்.எஸ். காட்டும் கிளாம்ப் மீட்டர் ஒன்று வேண்டும். அதில் அதிர்வெண்ணைக் காட்டும் பொத்தானும் இருக்க வேண்டும். ஏன் என்பது அடுத்த படியில் தெரியும். நான் வாங்கியது 3,800 ரூபாய். சாதாரண 400 ரூபாய் மீட்டர் கணினிகள் இழுக்கும் கோணலான மின்னோட்டத்தைக் குறைத்துக் காட்டும். எனக்கு முதலில் கிடைத்த தவறான எண்கள் எல்லாம் அதிலிருந்து வந்தவைதான்.

மெயின் பலகையிலிருந்து, ஆய்வகத்தின் வரிசைகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டி.பி. பெட்டிக்கு எந்தக் கனத்தில், எவ்வளவு நீளத்துக்கு வயர் வருகிறது, எந்த வரிசை எந்த ஃபேஸில் இருக்கிறது என்று காட்டும் வயரிங் வரைபடத்தைத் தேடி எடுங்கள். பெரும்பாலான கல்லூரிகளில் அது கிடைக்காது. கிடைக்காவிட்டால் ஒரு தாளில் நீங்களே வரைந்துகொள்ளுங்கள், டி.பி.யின் உள்பக்கத்தைப் புகைப்படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஆய்வகம் முதல் மாடியில் இருக்கிறது. மெயின் பலகையிலிருந்து 45 மீட்டர் தூரத்துக்கு மூன்று ஃபேஸும் ஒரு நியூட்ரலும், நான்குமே 4 சதுர மி.மீ. செம்பு வயராக வருகின்றன. மூன்று வரிசைகள், வரிசைக்கு 8 கணினிகள், வரிசைக்கு ஒரு ஃபேஸ்.

சாக்கெட்டில் மீட்டர் வைப்பதை நீங்கள் செய்யலாம். டி.பி. பெட்டியின் மூடியைக் கழற்றுவது உரிமம் பெற்ற வயர்மேனின் வேலை. அவர் அளக்கட்டும், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

## 2. ஒரு சாக்கெட்டுக்கு மூன்று அளவு, இரண்டு தடவை

எல்லாக் கணினிகளும் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தை, அதாவது நடுக்காலை வகுப்பு நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் முதல் சாக்கெட்டிலும் கடைசிச் சாக்கெட்டிலும் ஃபேஸ்-நியூட்ரல், ஃபேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் என்ற மூன்று அளவுகளையும் எடுத்து எழுதுங்கள். பிறகு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அதே சாக்கெட்டுகளில் மீண்டும் எடுங்கள். இந்த இரண்டாவது சுற்றைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம். ஆனால் பாதிக் காரணம் அதில்தான் தெரிகிறது.

அணைத்ததும் நியூட்ரல்-எர்த் அளவு 1 வோல்ட் அளவுக்கு இறங்கிவிட்டால், உங்கள் கணினிகளின் மின்னோட்டம் நியூட்ரல் வயர் வழியாகத் திரும்பும்போது அந்த வயரின் தடையில் விழும் வோல்ட்டேஜைத்தான் மீட்டர் இதுவரை காட்டியது என்று பொருள். எங்கள் முதல் வரிசையின் கடைசிச் சாக்கெட்டில் 6.5 வோல்ட் 0.9 வோல்ட்டாக இறங்கியது. மாறாக, நியூட்ரல்-எர்த் அளவு 90, 110 என்று பெரிதாகவும் நிலையில்லாமலும் இருந்தால், அந்தச் சாக்கெட்டுக்கு எர்த் வயரே வந்து சேரவில்லை. கணினியின் மின்வழங்கியில் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உலோக உடலுக்குச் சிறு மின்தேக்கிகள் இருக்கின்றன. எர்த் இல்லாதபோது அவை உடலைப் பாதி வோல்ட்டேஜுக்குத் தூக்கிவிடும். கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று கடிப்பதற்கு அதுதான் காரணம். அது வேறு நோய். எர்த் வயரைச் சரிசெய்துவிட்டு மறுபடி முதலிலிருந்து அளக்க வேண்டும்.

யு.பி.எஸ். பேட்டரியில் ஓடும்போது அளக்காதீர்கள். பல யு.பி.எஸ்.களில் அந்த நேரத்தில் நியூட்ரல் எதனோடும் இணையாமல் மிதந்துகொண்டிருக்கும். பத்து இருபது வோல்ட் காட்டினாலும் அதற்கும் இந்தக் கட்டுரையின் சிக்கலுக்கும் தொடர்பில்லை.

இப்போது அதிர்வெண் பொத்தான். நியூட்ரல்-எர்த் அளவை எடுக்கும்போதே அதை அழுத்துங்கள். 50 ஹெர்ட்ஸ் என்று வந்தால், ஒரு ஃபேஸில் சுமை கூடியிருக்கிறது, அல்லது அது ஒற்றை ஃபேஸ் இணைப்பு. எங்களுக்கு 150 என்று வந்தது. மீட்டர் கெட்டுவிட்டதோ என்றுதான் முதலில் நினைத்தேன். கணினியின் மின்வழங்கி அலையின் உச்சியில் மட்டும் வெடுக்கென்று மின்னோட்டத்தை இழுக்கிறது. எங்களுடையவை போன்ற பழைய மலிவு மின்வழங்கிகளில் இது இன்னும் மோசம். மூன்று ஃபேஸ்களின் மின்னோட்டமும் நியூட்ரலில் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும் என்று பாடத்தில் படிக்கிறோம். ஆனால் இந்தத் துண்டு துண்டான இழுப்புகள் ஒரே நேரத்தில் வருவதில்லை. ஆகவே கழிந்துபோகாமல் ஒன்றன்பின் ஒன்றாக வரிசைகட்டி, மும்மடங்கு அதிர்வெண்ணில் நியூட்ரலில் ஓடுகின்றன. கிளாம்ப் வைத்துப் பார்த்தபோது மூன்று ஃபேஸிலும் முறையே 6.4, 6.1, 6.6 ஆம்பியர் இருந்தது; நியூட்ரலில் 10.9 ஆம்பியர் இருந்தது. சுமையை மூன்று ஃபேஸுக்கும் சமமாகப் பிரித்தால் நியூட்ரல் மின்னோட்டம் இல்லாமல் போகும் என்று யாராவது சொன்னால், இந்த எண்களைக் காட்டுங்கள்.

## 3. பூஜ்ஜியம் காட்டும் சாக்கெட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்

முதல் வரிசையில் 6.5, இரண்டாம் வரிசையில் 6.4, மூன்றாம் வரிசையில் 0.0. மூன்றாம் வரிசை மட்டுமாவது ஒழுங்காக இருக்கிறதே என்று நான் நிம்மதியடைந்தேன். எங்களுக்கு வேலை செய்த வயர்மேன் அண்ணன் அந்த எண்ணைப் பார்த்ததும் முகம் மாறி, "சார், கரண்ட் ஓடுற நியூட்ரல்ல சைபர் வராது. யாரோ எர்த்தையும் நியூட்ரலையும் சேத்து வச்சிருக்காங்க" என்றார். வரிசையின் முதல் சாக்கெட்டைக் கழற்றியபோது, நியூட்ரல் திருகிலிருந்து எர்த் திருகுக்கு இரண்டு அங்குலச் சிவப்பு வயர் ஒன்று பாலம் போட்டிருந்தது. சுவருக்குள் வந்த எர்த் வயர், சந்திப்புப் பெட்டியில் துருப்பிடித்த திருகோடு சேர்ந்து அற்றுப்போயிருந்தது. முன்பு எப்போதோ யாரோ, அற்றுப்போன எர்த்தைத் தேடாமல், மீட்டரில் நல்ல எண் வரும்படி செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இந்தப் பாலம் உயிருக்கே ஆபத்தானது. நியூட்ரல் எங்கேயாவது விட்டுப்போனால், அந்த வரிசையில் இருக்கும் எல்லாக் கணினிகளின் உலோக உடலிலும் 230 வோல்ட் வந்து நிற்கும். நியூட்ரல்-எர்த் அளவைக் குறைப்பதற்காக இப்படி லூப் போடலாமா என்று யார் கேட்டாலும் விடமாட்டேன் என்று சொல்லுங்கள். நியூட்ரலும் எர்த்தும் சேர வேண்டிய இடம் டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கிறது. சாக்கெட்டில் அதற்கு வேலையில்லை.

தரவுக் கோளாறும் இங்கேதான் பிறந்தது. பிரிண்டர் மூன்றாம் வரிசையின் சாக்கெட்டிலும், அதை இயக்கும் கணினி இரண்டாம் வரிசையின் சாக்கெட்டிலும் இருந்தன. இரண்டையும் 3 மீட்டர் நீள யு.எஸ்.பி. கேபிள் இணைத்தது. பிரிண்டரின் உடல் பாலத்தின் வழியாக நியூட்ரலோடு சேர்ந்திருந்தது; கணினியின் உடல் உண்மையான எர்த்தோடு சேர்ந்திருந்தது. கேபிளைக் கழற்றிவிட்டு இரண்டு உடல்களுக்கும் இடையே அளந்தபோது 6.3 வோல்ட் வந்தது. கேபிளைச் செருகியதும், அந்த 6.3 வோல்ட்டுக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது: நியூட்ரலிலிருந்து பிரிண்டர் உடலுக்கு, அங்கிருந்து யு.எஸ்.பி. கேபிளின் தரை வயர் வழியாகக் கணினியின் உடலுக்கு, பிறகு எர்த் வயர், எர்த் குழி, மண், டிரான்ஸ்ஃபார்மரின் எர்த். கிளாம்ப் மீட்டரை யு.எஸ்.பி. கேபிளைச் சுற்றி வைத்தோம். 1 ஆம்பியர் காட்டியது. தரவு மட்டும் போக வேண்டிய கேபிளில் அந்த எண்ணைப் பார்த்தது இன்னும் நினைவில் நிற்கிறது.

அந்தக் கேபிளின் மெல்லிய தரை வயரும் செருகிகளின் தொடுமுனைகளும் சேர்ந்து ஏறக்குறைய 0.7 ஓம் தடை. 1 ஆம்பியர் ஓடினால் 0.7 வோல்ட் விழும். அலையின் உச்சியில் அது 1 வோல்ட்டைத் தொடும். அதிவேக யு.எஸ்.பி.யில் தரவுச் சைகையின் உயரமே 0.4 வோல்ட்தான், இரண்டு பக்கத் தரைகளுக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் போனால் பெறும் முனைக்கு எது ஒன்று, எது சுழி என்று தெரியாது. தவறிய பொட்டலத்தைக் கணினி மீண்டும் கேட்கும். மூன்று முறை தொடர்ந்து தவறினால் அந்தப் பரிமாற்றத்தைக் கைவிட்டுவிடும். காலையில் நாலைந்து கணினிகள் மட்டும் ஓடும்போது நியூட்ரல் மின்னோட்டம் குறைவு, ஆகவே அச்சு ஒழுங்காக வரும். 24 கணினிகளும் ஓடும்போது பாதிப் பக்கத்தில் நிற்கும். எங்களுக்குப் பல வாரம் பிடிபடாத நேர ஒழுங்கு இதுதான். கோளாறு நடக்கும் நேரத்தில் லினக்ஸ் கணினியில் இதைப் பாருங்கள்:

```
sudo dmesg -T | grep -i usb
```

இப்படிப்பட்ட வரிகள் கூட்டமாக, கூட்டம் அதிகமான வகுப்பு நேரத்தில் மட்டும் வந்தால் என் சந்தேகத்தை நீங்களும் கொள்ளலாம்:

```
usb 1-2: USB disconnect, device number 7
usb 1-2: device descriptor read/64, error -71
```

பழுதான கேபிளும் இதே வரிகளைத் தரும் என்பதால், பிரிண்டரைக் கணினி இருக்கும் வரிசையின் சாக்கெட்டுக்கே மாற்றிப் பாருங்கள். கேபிளை மாற்றாமலேயே வரிகள் நின்றுவிட்டால் கேபிள் குற்றமற்றது. நான் இதைச் செய்யாமல் இரண்டு புதிய கேபிள் வாங்கினேன்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஒரே கணினிக்குள் பார்த்தால், 6 வோல்ட் நியூட்ரல்-எர்த் வோல்ட்டேஜ் பெரிதாக எதையும் கெடுப்பதில்லை. மின்வழங்கியின் உள்ளே இருக்கும் மின்மாற்றி அந்தப் பக்கத்தையும் இந்தப் பக்கத்தையும் பிரித்துவிடுகிறது. உலோகக் கவசமில்லாத சாதாரண யு.டி.பி. நெட்வொர்க் கேபிளும் இதற்கு அசையாது. ஒவ்வொரு போர்ட்டிலும் 1,500 வோல்ட் வரை தாங்கும்படி சோதிக்கப்பட்ட சிறு மின்மாற்றிகள் இருக்கின்றன. நெட்வொர்க் சுவிட்சைச் சந்தேகித்து 3,200 ரூபாய்க்குப் புதிது வாங்கியது என் அறியாமை. தரை வயர் வழியே இரண்டு கருவிகளை நேராக இணைக்கும் கேபிள்கள்தான், அதாவது யு.எஸ்.பி., புரொஜெக்டருக்குப் போகும் வி.ஜி.ஏ., எச்.டி.எம்.ஐ., உலோகக் கவசமிட்ட நெட்வொர்க் கேபிள் ஆகியவைதான், இதில் மாட்டிக்கொள்கின்றன. புரொஜெக்டர் திரையில் மெல்ல நகரும் இருண்ட பட்டைகள் தெரிந்தால் அதுவும் இதே குடும்பத்துக் கோளாறுதான்.

## 4. எர்த் குழிக்குப் பணம் கொடுக்கும் முன் நில்லுங்கள்

நியூட்ரல்-எர்த் அளவு கூடுதலாக இருக்கிறது என்றால் நம் பக்கத்தில் எல்லோரும் முதலில் சொல்வது, "புதுசா ஒரு எர்த் குழி போட்டுருங்க." நானும் 11,500 ரூபாய் கொடுத்துப் போட்டேன். பழைய குழியின் தடை 9 ஓம் இருந்தது. புதியதைச் சேர்த்த பிறகு 3 ஓமாக இறங்கியது. வேலை நேர்த்தியானதுதான். முதல் வரிசையின் நியூட்ரல்-எர்த் அளவு மட்டும் முன்பு 6.5, பின்பும் 6.5.

காரணம் எளிது. எர்த் வயரில் வழக்கமாக மின்னோட்டம் ஓடுவதில்லை. ஓடாத வயரின் தடை எவ்வளவாக இருந்தாலும் அதில் வோல்ட்டேஜ் விழாது. விழுவது முழுவதும் நியூட்ரலில். குழியின் தடையைக் குறைத்து நியூட்ரல் வயரின் தடையைக் குறைக்க முடியாது. அதைவிட மோசமாக, குழி போட்ட வாரத்திலிருந்து பிரிண்டர் அதிகமாக நின்றது. முந்தைய படியில் சொன்ன சுற்றுவழியில், பாலத்திலிருந்து கிளம்பும் மின்னோட்டத்துக்குப் பெரிய தடையாக இருந்தது பழைய குழியின் 9 ஓம்தான். அதை 3 ஓம் ஆக்கியதும் யு.எஸ்.பி. கேபிளில் ஓடிய மின்னோட்டம் ஏறக்குறைய இரட்டித்து, பிறகு நாங்கள் அளந்த 1 ஆம்பியருக்கு வந்துவிட்டது.

நம் கடற்கரையில் இன்னொரு விஷயமும் உண்டு. மேலே உலர்ந்த மணல் இருந்தாலும், சில அடி தோண்டினாலே உப்புக் கலந்த ஈரம் வரும் இடங்கள் பல. அங்கே குழாய் அந்த ஈரத்தைத் தொட்டுவிட்டால் தடை தானாகவே குறைந்துவிடும். இரண்டரை மீட்டர் குழாய் முழுவதும் உலர்ந்த மணல்மேட்டில் நின்றால் மட்டுமே நூறு ஓமுக்கு மேலும் போகும். ஆகவே நம் ஊரில் குழி கெடுவதைவிட, குழியோடு இணையும் திருகும் பட்டையும் உப்புக் காற்றில் அரித்துப்போவதே அதிகம் என்பது என் கணிப்பு. குழியின் மூடியைத் திறந்து அந்த இணைப்பைப் பார்ப்பதற்குச் செலவு எதுவும் இல்லை. புதிய குழிதான் வேண்டும் என்று தெரிந்த பிறகு போடுவதாக இருந்தால், கால்வனைஸ் குழாயைச் சுற்றி உப்பும் கரியும் கொட்டுவதை நம் மண்ணில் நான் விரும்பமாட்டேன். உப்பு குழாயையே தின்றுவிடும்.

## 5. நியூட்ரலின் பாதையில் படி படியாக நடந்து அளத்தல்

பாலத்தை எடுத்துவிட்டு, மூன்றாம் வரிசைக்குப் புதிய பச்சை எர்த் வயர் இழுத்த அன்றே பிரிண்டர் சரியாகிவிட்டது. கேபிளில் கிளாம்ப் வைத்தால் பூஜ்ஜியம். ஆனால் இப்போது மூன்று வரிசைகளிலும் 6 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. சர்வர் பொறியாளரின் கையெழுத்து இன்னும் பாக்கி. யாராவது மறுபடி ஒரு பாலம் போட்டால் அதே கதை திரும்பும் என்பதால், நியூட்ரல்-எர்த் வோல்ட்டேஜையே குறைக்க வேண்டியிருந்தது.

எல்லாக் கணினிகளும் ஓடும்போது, மெயின் பலகையிலிருந்து சாக்கெட் வரை நியூட்ரலின் ஒவ்வொரு நிறுத்தத்திலும் எர்த் பட்டைக்கு எதிராக அளந்துகொண்டே வர வேண்டும். எங்களுக்குக் கிடைத்தவை: மெயின் பலகையில் 1.1 வோல்ட், ஆய்வக டி.பி.க்குள் வந்து சேரும் நியூட்ரல் வயரில் 3.4, அதே டி.பி.யில் நியூட்ரல் வயர்கள் எல்லாம் திருகப்பட்டிருக்கும் நியூட்ரல் லிங்க் என்ற பித்தளைக் கட்டையிலிருந்து வெளியே போகும் வயரில் 6.0, முதல் வரிசையின் கடைசிச் சாக்கெட்டில் 6.5.

இந்த நான்கு எண்களையும் ஒன்றுக்கொன்று கழித்துப் பாருங்கள். மெயின் பலகைக்கு வருவதற்குள் விழும் 1.1 வோல்ட், டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் பொது வயரில் விழுவது. அதில் நமக்கு உரிமை இல்லை. 45 மீட்டர் வயரில் 2.3 வோல்ட் விழுகிறது: 4 சதுர மி.மீ. செம்பு வயரின் தடை கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 4.6 ஓம், ஆகவே 45 மீட்டருக்கு 0.21 ஓம், அதில் 10.9 ஆம்பியர். கணக்கு அப்படியே ஒத்துப்போகிறது. வயர் பழுதில்லை, அதன் வழியே ஓடும் மின்னோட்டத்துக்கு மெல்லியது, அவ்வளவுதான். ஆனால் டி.பி.க்குள், ஒரு சாண் நீளம்கூட இல்லாத நியூட்ரல் லிங்கில் 2.6 வோல்ட் விழுகிறது. 45 மீட்டர் வயரைவிட ஒரு திருகு அதிகமாகத் தடுக்கிறது.

மெயினை அணைத்து, வோல்ட்டேஜ் இல்லை என்று உறுதி செய்த பிறகு அண்ணன் லிங்கின் மூடியைக் கழற்றினார். பித்தளைக் கட்டையின் ஒரு பக்கம் முழுவதும் பச்சைக் களிம்பு. நுழையும் வயரின் பி.வி.சி. உறை ஒரு அங்குலத்துக்குப் பழுப்பாகிப் பொரிந்திருந்தது. "அணைச்சு அஞ்சு நிமிசம் ஆச்சு சார், இன்னும் சூடு விடல" என்று விரலை எடுத்துக்கொண்டார். 2.6 வோல்ட்டை 10.9 ஆம்பியரால் பெருக்கினால் 28 வாட். ஒரு சிறு சாலிடரிங் இரும்பை டி.பி.க்குள் நாள் முழுவதும் செருகி வைத்தது போலத்தான். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கடல் பக்கத்து ஜன்னல்களைத் திறந்தே வைத்திருக்கும் எங்கள் பழக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு.

உங்கள் எண்களில் மெயின் பலகையிலேயே 4, 5 வோல்ட் இருந்தால், கோளாறு உங்கள் கட்டடத்துக்கு வெளியே இருக்கக்கூடும். அப்போது மின் இணைப்பு எண்ணோடு மின்வாரியத்தில் புகார் பதிவு செய்து, புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அளந்த தேதியும் நேரமும் எண்ணும் சேர்த்துக் கொடுத்தால் வருபவர் நேராகக் கம்பத்தின் நியூட்ரல் இணைப்புக்குப் போவார். "வோல்ட்டேஜ் சரியில்லை" என்று மட்டும் எழுதினால் ஃபேஸைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்.

## 6. திருத்தும் வரிசையும் ஆன செலவும்

வரிசை முக்கியம். முதலில் பாலங்களைத் தேடி எடுத்து, அற்றுப்போன எர்த் வயர்களைச் சேர்க்க வேண்டும். இதில் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. இரண்டாவதாக, லிங்கையும் திருகுகளையும் மாற்றுவது. அதன் பிறகுதான், மீதி எவ்வளவு என்று பார்த்து, நியூட்ரல் வயரைப் பெரிதாக்குவது.

லிங்க் மாற்றியதும் 6.5 வோல்ட் 3.9 ஆக இறங்கியது. செலவு 350 ரூபாய். இதோடு நிறுத்தியிருக்கலாம், ஆனால் 3 வோல்ட் என்ற கோடு இருந்ததால் மெயின் பலகையிலிருந்து 10 சதுர மி.மீ. நியூட்ரல் வயரைப் புதிதாக இழுத்தோம். 50 மீட்டருக்கு 7,800 ரூபாய். 45 மீட்டரில் விழுவது 2.3-லிருந்து 0.9 வோல்ட்டாகக் குறைந்தது. கடைசிச் சாக்கெட்டில் இப்போது 2.5 வோல்ட், அதுவும் எல்லாக் கணினிகளும் ஓடும்போது.

மின்னோட்டம் எர்த்துக்குக் கசிந்தால் தானாக விழுந்து மின்சாரத்தை நிறுத்தும் ஆர்.சி.சி.பி. ஆய்வக டி.பி.யில் இல்லை, முன்பு இருந்ததாகவும், அடிக்கடி விழுந்ததால் எடுத்துவிட்டதாகவும் சொன்னார்கள். அந்தப் பாலம் இருந்தால் அது விழாமல் எப்படி இருக்கும்? காவல்காரனை எழுப்பியதற்காக நாயை விரட்டிய கதை. இப்போது வரிசைக்கு ஒன்றாக 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மூன்று போட்டோம், 5,100 ரூபாய். 24 கணினிகளுக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று போடாதீர்கள். ஒவ்வொரு மின்வழங்கியும் இயல்பாகவே சிறிது மின்னோட்டத்தை எர்த்துக்குக் கசியவிடும், எல்லாம் சேர்ந்தால் காரணமில்லாமல் விழும். வரிசைக்கு ஒன்று என்றால் வரிசைக்கு ஒரு தனி நியூட்ரலும் வேண்டும். ஒன்றின் நியூட்ரல் இன்னொன்றோடு கலந்தால் செருகிய உடனே விழும்.

மூன்றாம் வரிசையின் எர்த் வயர் 900 ரூபாய், இருவருக்கு இரண்டு நாள் கூலி 4,400. ஆக உண்மையில் தேவைப்பட்ட செலவு 18,550 ரூபாய், மீட்டர் தனி. குழி, நெட்வொர்க் சுவிட்ச், இரண்டு கேபிள் என்று வீணானது 15,400 ரூபாய். வேலையை இரண்டு நாளில் முடிக்கலாம். ஆனால் மெயினை அணைக்க வேண்டும் என்பதால் பருவத்தேர்வு அட்டவணையைப் பார்த்து நாள் குறியுங்கள். எங்களுக்கு அனுமதிக் கடிதத்துக்கே ஒன்பது நாள் ஆனது.

இதெல்லாம் வேண்டாம், ஆய்வகத்துக்கு ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்துவிடலாம் என்று விற்பவர் சொல்வார். அதன் வெளியீட்டு நியூட்ரலை அங்கேயே முறையாக எர்த்தோடு சேர்த்தால் அளவு குறையும் என்பது உண்மைதான். ஆனால் எரிந்துகொண்டிருக்கும் லிங்க் அதற்குப் பின்னால் அப்படியே எரிந்துகொண்டிருக்கும். லிங்கைப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

## 7. வாங்கி வைக்க வேண்டிய தாள்கள்

வேலை முடிந்ததும், உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரிடம் உரிம எண்ணும் கையெழுத்தும் உள்ள வேலை நிறைவுச் சான்றை வாங்குங்கள். எர்த் குழியின் தடையை அளந்த அறிக்கை தனியாக வேண்டும், அதில் எர்த்திங்குக்கான ஐ.எஸ். 3043 நெறிப்படி அளந்ததாகவும், அளந்த தேதியும் இருக்க வேண்டும். சித்திரையில் அளந்ததும் ஐப்பசி மழைக்குப் பின் அளந்ததும் ஒரே குழியில் வேறு வேறு எண் தரும். தேதி இல்லாத அறிக்கையை வைத்து எதையும் ஒப்பிட முடியாது. மூன்றாவது தாள் நீங்களே எழுதுவது: ஒவ்வொரு வரிசையின் கடைசிச் சாக்கெட்டிலும் எல்லாக் கணினிகளும் ஓடும்போதும் அணைத்தபோதும் எடுத்த அளவுகள், அதிர்வெண், நியூட்ரல் மின்னோட்டம். சர்வர் பொறியாளர் இரண்டாம் முறை வந்தபோது வகுப்பு இல்லாத நேரம். அவர் மீட்டரில் 1.2 வோல்ட்தான் வந்தது. முழுச் சுமையில் 2.5 என்று என் தாளில் இருந்ததைக் காட்டி அதையே சான்றில் எழுதச் சொன்னேன். பிறகு ஒரு நாள் அளவு கூடினால் எதிலிருந்து கூடியது என்று தெரிய வேண்டும் அல்லவா.

கச்சான் ஓய்ந்ததும், புரட்டாசியில் ஒரு நாள் மெயினை அணைத்து நியூட்ரல் லிங்கின் திருகுகளை இறுக்கிப் பார்க்கும்படி வயர்மேன் அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அந்தத் தாளின் நகல் ஒன்றை டி.பி. கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறோம்.